சொல்லியனுப்பப்படாதவர்கள்

என் அலுவலகத் தோழியின் முன்னாள் கணவர் இறந்த மூன்றாம் நாள், அவள் வேலைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் அவளிடம் சொன்னது இதுதான்: “சரி விடும்மா, உனக்கும் அவருக்கும்தான் எப்பவோ முடிஞ்சு போச்சே.” அதை ஆறுதல் என்றே நினைத்துச் சொன்னேன். அவள் “ஆமாக்கா” என்றாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதன் பிறகு பதினொரு நாட்கள் என்னிடம் அலுவலக விஷயம் தவிர வேறொன்றும் பேசவில்லை. வழக்கமாக மதியச் சாப்பாட்டை என் மேசையில்தான் திறப்பாள். அந்த நாட்களில் தன் மேசையிலேயே சாப்பிட்டாள்.

அவள் கோபித்துக்கொண்டாள் என்று முதலில் எனக்குப் புரியவே இல்லை. மாதவிடாய் வலி, மகனின் தேர்வு என்று நானாகவே காரணங்களைக் கற்பித்துக்கொண்டேன். அவளுடைய வீட்டிலும் ஒரு சாவு நடந்திருக்கிறது என்பது என் கணக்கில் வரவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் திருச்சிக் குடும்ப நல நீதிமன்றத்தில் இருவரும் சம்மதித்து வாங்கிய விவாகரத்து. மகனுக்கு அப்போது ஐந்து வயது, இப்போது பதினான்கு. அந்த மனிதரின் குடிதான் பிரிவுக்குக் காரணம் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, யாரும் அவளிடம் துக்கம் விசாரிக்கவில்லை. ஒருவர் மட்டும் “பையனுக்கு ஏதாவது சொத்து வருமா?” என்று கேட்டாராம்.

நம் ஊரில் துக்கம் விசாரிப்பது என்பது பெரும்பாலும் உறவின் பெயரைப் பிடித்துக்கொண்டு நடப்பது. மனைவி என்றால் இன்னது, மகள் என்றால் இன்னது, மாமன் என்றால் கோடி, பங்காளி என்றால் தீட்டு என்று யார் எங்கே உட்கார வேண்டும், எத்தனை நாள் எதைச் சாப்பிடக் கூடாது என்பது வரைக்கும் வகுத்து வைத்திருக்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் அப்பா இறந்தபோது எனக்கு மூளை வேலை செய்யவில்லை. “இங்க உக்காரு, இதைப் பிடி, இப்ப அழு” என்று பெரியம்மா சொன்னபடி செய்துதான் அந்தப் பதினாறு நாட்களையும் கடந்தேன். ஆனால் அந்த ஏற்பாட்டில் உறவின் பெயர் இல்லாதவருக்கு உட்காரவும் இடம் இல்லை. முன்னாள் கணவர் என்பது செய்தித்தாள் சொல். என் தோழி ஒன்பது வருடங்களாக அவரைப் “பையனோட அப்பா” என்றுதான் குறிப்பிட்டு வந்தாள். அவருக்கும் தனக்கும் என்ன உறவு என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாத ஒருத்தியிடம், “உனக்கு என்ன வேணும் அவர்?” என்று மற்றவர்கள் கேட்காமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இந்த வகைத் துயரத்துக்கு 1989-இல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘உரிமை மறுக்கப்பட்ட துயரம்’ என்று சொல்லலாம். வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படாத, ஊரறியத் துக்கம் காக்க முடியாத, பிறர் தோள் கொடுக்காத இழப்பு என்பது அவர் தந்த விளக்கம். அவருக்கு இந்த எண்ணம் பிறந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணவனை இழந்த பெண்களின் கஷ்டங்களைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, வயதில் மூத்த ஒரு மாணவி எழுந்து, விதவைகளின் பாடு கஷ்டம் என்கிறீர்களே, விவாகரத்தான கணவன் செத்தால் என்ன ஆகிறது என்று வந்து பாருங்கள் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். என் தோழியின் கதையைத்தான் அந்தப் பெண் ஏதோ ஒரு வகுப்பறையில் சொல்லியிருக்கிறார் என்று இதை அறிந்தபோது தோன்றியது.

நான் தவறவிட்டதைச் சரியாகச் செய்தவர் அவளுடைய பக்கத்து வீட்டு அம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் டோக்காவையும் படித்ததில்லை, வேறு எதையும் படித்ததில்லை. என் தோழி பின்னாளில் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

இறந்த செய்தி அவளுக்கு வந்ததே கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான். காலை ஆறரை மணிக்கு யாரோ ஒருவர் போட்ட கண்ணீர் அஞ்சலிப் படம். அவளுக்கென்று யாரும் சொல்லியனுப்பவில்லை. மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருடைய வீட்டில் ஒருவருக்கு நினைவு வந்தபோது மணி எட்டாகிவிட்டது. உறவின் பெயர் இல்லாதவர்களுக்கு முதலில் கிடைக்காமல் போவது தகவல்தான். எப்படி இறந்தார், எங்கே வைத்திருக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்பது ஒன்றும் தெரியாமல், கேட்கவும் முடியாமல் அவள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மா வந்து, அவளுடைய பழைய ஓரகத்தியின் எண்ணை வாங்கி, தானே பேசியிருக்கிறார். அழவில்லை, அனுதாபமும் கேட்கவில்லை. “எத்தனை மணிக்கு எடுக்குறீங்க? பையன் கொள்ளி வைக்கணும்ல, அவனைக் கூட்டிட்டு வர்றோம். அவளும் வரலாமா, வேண்டாமா? உள்ளதைச் சொல்லு தாயி.”

எனக்கு இந்தக் கேள்வியில் மிகவும் பிடித்தது அதன் நேர்மை. ‘போகலாமா கூடாதா’ என்று அவளையே முடிவெடுக்கச் சொல்லியிருந்தால் அவள் அங்கேயே உடைந்திருப்பாள். தைரியமாகப் போ என்று தள்ளிவிட்டிருந்தால் சாவு வீட்டு வாசலில் யாராவது அவமானப்படுத்தியிருப்பார்கள். அந்தப் பக்கம் உள்ள மனநிலையை ஒரு மூன்றாம் மனிதர் முன்கூட்டியே விசாரித்துச் சொல்வது, இப்படிப்பட்டவர்களுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் மிகப் பெரியது என்று இப்போது நினைக்கிறேன். பதிலும் நேர்மையாகவே வந்தது. பையனை அனுப்புங்கள், அவள் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அத்தையால் தாங்க முடியாது என்றார் அந்த ஓரகத்தி.

முசிறிப் பக்கம் அவருடைய ஊர். தாய்மாமன் பையனை உள்ளே அழைத்துப் போனார். என் தோழியும் அந்த அம்மாவும் தெருமுனையில் புளியமரத்தடியில் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். போகும் வழியில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த அம்மா ஒரு ரோஜா மாலை வாங்க வைத்திருக்கிறார். தானே காசு கொடுக்காமல், “நீ குடு” என்று இவளையே கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு அதைப் பையன் கையில் கொடுத்து, “இது உங்கம்மா மாலை. முதல்ல இதைப் போட்டுட்டு அப்புறம் உன்னோடதைப் போடு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஊர்வலம் தெருமுனையைக் கடந்தபோது இவள் காரிலிருந்து இறங்கி நின்றாள். அமரர் ஊர்தியின் கண்ணாடி வழியே அந்த மாலை தெரிந்தது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

வீடு திரும்பியதும் தலைக்கு ஊற்றிக்கொள்ள அவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். “எனக்குத்தான் தீட்டே கிடையாதே” என்று இவள் சொன்னபோது, “தீட்டை யார் கேட்டா? குளிச்சா கொஞ்சம் தூங்குவ” என்றாராம். அன்றைக்கு மட்டுமில்லாமல் அடுத்த இரண்டு நாட்களுக்கும் அடுப்பு மூட்டவேண்டாம் என்று சொல்லித் தன் வீட்டிலிருந்து சோறும் ரசமும் அனுப்பினார். சாவு வீட்டில் அடுப்பெரியாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துத் தர வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் இறந்தவர் வாழாத, சட்டப்படி சம்பந்தமே இல்லாத ஒரு வாடகை வீட்டைச் சாவு வீடாக மதித்து ஒரு தூக்கு ரசம் வந்தது. அந்த ரசத்துக்குப் பக்கத்தில் நான் சொன்ன வாக்கியத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் கூசுகிறது.

அந்த வாக்கியத்தில் இருந்த தவறு என்ன என்று பின்னர் யோசித்தேன். விவாகரத்தின்போதே அவள் அழுது முடித்துவிட்டாள், இனி அழ என்ன இருக்கிறது என்பதுதான் என் கணக்கு. அவள் விஷயத்தில் அது நேர்மாறாக இருந்தது. பதினான்காம் நாள், ஆண்கள் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், நான் அவள் மேசைக்குப் போய், “அன்னிக்கு நான் பேசினது தப்பு. எனக்கு அவரைத் தெரியாது. நீ சொன்னா கேட்டுக்கிறேன், சொல்ல வேணாம்னா அதுவும் சரி” என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, “செத்தும் கோபம் போகலக்கா. இனிமே யார்கூடப் போய்ச் சண்டை போடுவேன்?” என்றாள். ஒரு நாள் அந்த மனிதர் குடியை நிறுத்திவிட்டு வந்து, மகன் முன்னால் மன்னிப்புக் கேட்பார் என்று ஒன்பது வருடங்களாக அவளுக்குள் ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. திரும்பச் சேர்வதற்கு அல்ல. அந்த ஒரு வார்த்தைக்கு. விவாகரத்தில் போனது கல்யாணம். சாவில் போனது அந்த வார்த்தை. இரண்டும் வேறு வேறு இழப்புகள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் இப்படிப்பட்டவரிடம் பேசும்போது இறந்தவரைப் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். “நல்ல மனுஷன்” என்றால், அவரிடம் பட்ட அடியை நினைத்துக்கொண்டிருப்பவள் வாயை மூடிக்கொள்வாள். “தொலைஞ்சான்” என்றால், அவர் தன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டைப் படி ஏறியதை நினைத்துக்கொண்டிருப்பவள் வாயை மூடிக்கொள்வாள். என் தோழிக்கு ஒரே நாளில் இரண்டு நினைவும் வந்தன. அவள் எந்தப் பெயரால் அவரைக் குறிப்பிடுகிறாளோ அதே பெயரை நாமும் பிடித்துக்கொள்வதும், எத்தனை வருடமாகப் பேச்சில்லை, கடைசியாக எப்போது பார்த்தாய் என்று உறவை அளந்து பார்க்காமல் இருப்பதும் போதும். அளக்கும் கேள்வி எதுவாக இருந்தாலும் அவள் காதில் ‘உனக்கு அழ எவ்வளவு உரிமை இருக்கிறது’ என்றுதான் விழும். பிரிந்தவர் இறந்ததில் நிம்மதி மட்டுமே உள்ளவர்களும் இருக்கிறார்கள்; அவர்களிடம் துக்கத்தை வரவழைக்க முயல்வதும் அதே அளவு அத்துமீறல்தான். “எப்படி இருக்கு உனக்கு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் எது என்று அவர்களே சொல்வார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உறவு ஊருக்குத் தெரியாததாக இருந்தால், கல்யாணத்துக்கு முந்தைய காதலாகவோ வீட்டுக்குச் சொல்லாத துணையாகவோ இருந்தால், நாம் வெளிப்படையாகச் சொல்லும் ஆறுதலே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அலைபேசித் திரையில் மேலே தெரிகிற இரண்டு வரி போதும், ஒரு குடும்பத்தில் பிரச்சினை கிளம்ப. முதலில் “பேசலாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் தனியாக இருக்கும் நேரத்தில் நேரில் சொல்வதே நல்லது.

நண்பனை இழந்தவரின் நிலை சற்று வேறு. அவருக்குச் சாவு வீட்டில் இடம் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்பவருக்கான இடம். ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, பந்தல்காரரைக் கூட்டி வருவது, பிளெக்ஸில் பெயர்களின் வரிசையைச் சரிபார்ப்பது, இறப்புச் சான்றுக்கு அலைவது என்று மூன்று நாள் தூங்காமல் ஓடுபவர் பெரும்பாலும் நெருங்கிய நண்பர்தான். வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் “எப்படிப்பா ஆச்சு?” என்று கேட்பார்கள், அவர் ஐம்பது முறை அதையே சொல்வார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் அவர் வீட்டுக்குப் போகிறார்; அங்கே யாரும் இறக்கவில்லை. என் தம்பி அப்படித்தான் தன் பள்ளித் தோழனை அனுப்பிவிட்டு வந்து, ஒரு மாதம் கழித்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் திடீரென்று அழுதான். அதுவரை அவனிடம் நாங்கள் கேட்டதெல்லாம் அந்தக் குடும்பம் எப்படி இருக்கிறது என்பதுதான். இந்த மனிதர்களுக்குப் பதினேழாம் நாள்தான் துக்கம் விசாரிக்க வேண்டும்.

நேரில் பார்த்தே இராத இணைய நண்பர் இறந்துபோனால் முதல் கேள்வியே “நேர்ல பாத்திருக்கியா?” என்றுதான் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர், மட்டக்களப்பில் இருந்த ஒருவருடன் நான்கு வருடங்கள் இணையத்தில் சதுரங்கம் ஆடினார். தினமும் இரவு ஒரு ஆட்டம், பிறகு அரை மணி நேரக் குரல் செய்திகள். ஒரு நாள் ஆட்டம் பாதியில் நின்றது. இறந்துவிட்டார் என்பதை மூன்று வாரம் கழித்து, அண்ணன் போட்ட பதிவைப் பார்த்துத்தான் இவர் அறிந்தார். அந்த மூன்று வாரங்களும் தன்மேல் ஏதோ கோபம் என்றே நினைத்திருந்தார். நேரில் பார்த்ததில்லை என்றதும் அவருடைய வீட்டில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

இத்தனைக்கும் இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. எங்கள் உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. சோழன் வடக்கிருந்தபோது, ஒருவரைப் பற்றி ஒருவர் கேட்டதல்லாமல் கண்டதில்லையே, அவர் எங்கே வரப்போகிறார் என்று சுற்றியிருந்தவர்கள் ஐயப்பட்டதும், வருவார், அவருக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்று சோழன் சொன்னதும் புறநானூற்றில் இருக்கிறது. பள்ளியில் அதை நான்கு மதிப்பெண் கேள்வியாகப் படித்த நாம்தான் அந்தப் பையனிடம் நேரில் பார்த்தாயா என்று கேட்கிறோம்.

அவருக்கு நான் இரண்டு காரியங்களில் உதவினேன். முதலாவது அவசரமானது. வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாட்கள் பயன்பாடின்றிக் கிடந்தால் நீக்கப்பட்டுவிடும். முகப்புப் படம் போய்விடும். கைபேசி எண்ணையும் நிறுவனம் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்போது அந்த எண்ணிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் படம் சிரிக்கும். அது எவ்வளவு பெரிய அடி என்பதைப் பட்டவர்கள்தான் அறிவார்கள். பழைய உரையாடல் நம் கைபேசியில் இருக்கும், ஆனால் கைபேசி தொலைந்தால் போயிற்று. ஆகவே உட்கார்ந்து அந்த உரையாடலையும் குரல் செய்திகளையும் கணினியில் தனியாகச் சேமித்தோம். அவற்றைச் சேமித்துக்கொண்டே அவர் எனக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நான் விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் துக்கம் விசாரித்து முடிந்தது. இரண்டாவது, அந்த அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதியது. ‘உங்கள் தம்பி எனக்கு நெருங்கியவர்’ என்று உரிமை கொண்டாடும் வரிகளை அடித்துவிட்டு, அவர் தோற்கும்போது என்ன சொல்லிச் சிரிப்பார், அம்மாவின் சமையலைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று குடும்பத்துக்குத் தெரியாத நான்கு விஷயங்களை மட்டும் எழுதச் சொன்னேன். பதில் வராமல் போகலாம் என்றும் சொல்லி வைத்தேன். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அம்மா அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

என் தோழிக்கு வருகிறேன். ஒரு மாதம் கழித்து வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவளோடு நானும் போனேன். இறந்தவரின் தாயும் மகனும் வாரிசுகள். விவாகரத்தானவளின் பெயர் பட்டியலில் வராது. மகன் மைனர் என்பதால் அவனுடைய காப்பாளராக அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த மனிதரின் சாவு சம்பந்தப்பட்ட காகிதத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். எழுத்தர் இயந்திரம் போலக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனார், அவர்மேல் குறையில்லை. நான் செய்ததெல்லாம் வரிசையில் நின்றதும், திரும்பும்போது அவள் பேசாமல் வந்ததால் நானும் பேசாமல் வந்ததும்தான். இரவில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டாம் மாதமும் அவள் சொன்னபோது, “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றாள். ஆனாலும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அவள் கைபேசியில் பதிந்து கொடுத்தேன். கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள். ஒரு முறை பேசியதாகப் பின்னர் சொன்னாள்.

தலைத் திவசத்துக்கு அவளை யாரும் அழைக்கப் போவதில்லை என்பதால் அந்தத் தேதியை என் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அவர்களுடைய கல்யாண நாளையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அதைக் கேட்டபோது அவள் சிரித்துவிட்டு, “அதை எதுக்குக்கா?” என்றாள், பிறகு தேதியைச் சொன்னாள்.

சென்ற வாரம் அவள் வீட்டில் இருந்தபோது வாசலில் சிலிண்டர் போடும் பையன் வந்து, ஒரு ஆண் பெயரை உரக்கக் கூப்பிட்டான். எனக்குச் சில விநாடிகள் விளங்கவில்லை. கேஸ் இணைப்பு இன்னமும் அவர் பெயரிலேயே இருக்கிறது. பிரிந்தபோது மாற்றவில்லை, பிறகு மாற்ற நேரமில்லை. ஒன்பது வருடங்களாக மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ இந்த வாசலில் அந்தப் பெயர் கூப்பிடப்பட்டு வந்திருக்கிறது. “மாத்திடலாமா? நான் வேணா கூட வர்றேன்” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் புத்தகத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். பையன் இரண்டாம் முறை அந்தப் பெயரைக் கூப்பிட்டான். “இதோ வர்றேன் தம்பி” என்று அவள் குரல் கொடுத்தாள்.